மழையில நனைஞ்ச மணல், ஸ்லம்ப் டெஸ்ட்: ஸ்லாப்புக்கு எவ்ளோ தண்ணி ஊத்தணும்?

மாமா வீட்டு பின்கட்டுல வாஷிங் மெஷின் வைக்க ஒரு தரை ஸ்லாப் போட்டோம், 2 மீட்டருக்கு 3 மீட்டர், கனம் 100 மிமீ. சிராங்கூன் பக்கம் லேண்டட் வீடு. மண்ணு மேல உக்கார்ற ஸ்லாப்புக்கு மட்டும்தான் இந்த பதிவு, மாடி ஸ்லாப்புனா இன்ஜினியர் இல்லாம கையே வைக்காதீங்க.

கலவை எடைக்கு 1:2:3. மிக்ஸர் சின்னதுங்கறதால ஒரு தடவைக்கு 25 கிலோ சிமெண்டு, 50 கிலோ மணல், 75 கிலோ ஜல்லி (20 மிமீ). வாட்டர் சிமெண்ட் ரேஷியோ 0.5, அதாவது சிமெண்டு எடையில பாதி எடை தண்ணி, ஆக 12.5 லிட்டர். எல்லாரும் இதோட நிறுத்திடுவாங்க, ஆனா மேட்டரே இனிமேதான்.

டிசம்பர் மழையில நனைஞ்சு கெடக்குற மணலுக்குள்ளயே தண்ணி இருக்கு, அதுவும் இந்த 12.5-ல சேர்த்திதான். எவ்ளோ இருக்குன்னு பாக்க ஒரு பழைய வாணலி போதும். மணல் குவியலுக்கு நடுவுல இருந்து (மேல இருக்கறது காஞ்சிருக்கும், அடியில ரொம்ப ஈரம்) 1 கிலோ அள்ளி, அடுப்புல போட்டு கிண்டிக்கிட்டே வறுங்க, கரண்டியில ஒட்டாம பொலபொலன்னு உதிர்ற வரைக்கும், அப்புறம் ஆறவிட்டு எடை போடுங்க. எனக்கு 943 கிராம் வந்துச்சு. போனது 57 கிராம், அதை 943-ஆல வகுத்தா 6 சதவீதம். இதுல ஒரு 1 சதவீதம் மணல் துகளுக்குள்ளயே ஊறிக் கெடக்குற தண்ணி, அது சிமெண்டுக்கு கெடைக்காது, கழிச்சிருங்க. மிச்சம் 5 சதவீதம். 50 கிலோ மணல்ல 2.5 லிட்டர். அதனால மணலை 52.5 கிலோவா எடுத்துக்கிட்டு தண்ணி 10 லிட்டர் மட்டும் ஊத்தணும். யோசிக்காம முழு 12.5 லிட்டரையும் ஊத்தினா மொத்த தண்ணி 15 ஆயிடும், ரேஷியோ 0.6-க்கு போயிடும், பலம் நல்லாவே அடி வாங்கும், காய்ஞ்ச பிறகு மேல வெடிப்பும் வரும்.

இப்ப ஸ்லம்ப், அதாவது கோன்ல அடைச்ச கலவை, கோனை எடுத்ததும் எவ்ளோ எறங்குதுங்கற அளவு. கோன் உயரம் 300 மிமீ, அடி 200, மேல் வாய் 100. பக்கெட்டை வெட்டி கோன் செய்யறதெல்லாம் வேணாம், இரும்பு கோன் ஒண்ணு கடன் வாங்கியாவது பண்ணுங்க. கோனோட உள்பக்கத்தையும் அடியில வைக்கிற தகட்டையும் ஈரத்துணியால தொடச்சிருங்க. பிளைவுட் மேல வைக்காதீங்க, அது தண்ணிய உறிஞ்சிடும். ரெண்டு பக்கமும் காலால மிதிச்சுக்கிட்டு மூணு அடுக்கா போடுங்க, ஒவ்வொரு அடுக்குக்கும் முனை உருண்ட 16 மிமீ கம்பியால 25 குத்து. மேல வழிச்சுவிட்டு, அடியில சிந்தினத சுத்தம் பண்ணி, கோனை நேரா மேல தூக்குங்க, 2-ல இருந்து 5 செகண்டுக்குள்ள. திருகாதீங்க, சாய்க்காதீங்க. கோனை பக்கத்துல கவுத்து வச்சு, குறுக்க கம்பிய வச்சு, கலவை எவ்ளோ எறங்கிருக்குன்னு டேப்புல அளங்க.

இந்த மாதிரி ஸ்லாப்புக்கு ஸ்லம்ப் 75-ல இருந்து 100 மிமீ வரைக்கும் எனக்கு பிடிக்கும். முத கலவை 80 வந்துச்சு. அப்பவும் கூட வேலை செஞ்ச அண்ணன், "கொஞ்சம் தண்ணி விடுங்க தம்பி, தேய்க்க ஈசியா இருக்கும்"னாரு. விடல. 50 தான் வருது, கெட்டியா இருக்குனு வைங்க, அப்பவும் வெறும் தண்ணி வேணாம், 1 லிட்டர் தண்ணிக்கு 2 கிலோ சிமெண்டு சேர்த்து விடுங்க, ரேஷியோ மாறாது. இல்லனா தண்ணி கூட்டாமலே கலவைய இளக்கற பிளாஸ்டிசைசர், டப்பாவுல போட்டிருக்கற அளவுக்கு மேல போகாம. எனக்கு ரெண்டாவதுதான் இஷ்டம், சிமெண்டு கூட கூட சூடும் சுருக்கமும் கூடும்.

ஒண்ணு சொல்லிடறேன், ஸ்லம்ப் 80 வந்தா கான்கிரீட் பலமா இருக்குன்னு அர்த்தம் இல்ல. மணல் மாறினா அதே 80 வேற ரேஷியோலயும் வரும். ஆனா ஒரே மணல், ஒரே ஜல்லி, ஒரே அளவுல போட்டுட்டு இருக்கறப்ப 80, 85-னு வந்துட்டிருந்தது திடீர்னு 140 ஆச்சுன்னா குவியலோட ஈரமான பக்கத்துக்கு போயிட்டீங்கனு அர்த்தம், மறுபடி வாணலி. எங்களுக்கு மத்தியானம் ஒரு மழை அடிச்சதுக்கப்புறம் இதுதான் ஆச்சு, மணலுக்கு தார்ப்பாய் போட்டு மூடினோம், அடுத்த கலவைக்கு தண்ணிய கொறைச்சோம்.

அப்டேட்: கோனை தூக்கினதும் ஒரு பக்கம் மட்டும் சரிஞ்சு விழுதுன்னு ஒரு அக்கா கமெண்ட்ல கேட்டிருந்தாங்க. அந்த அளவை எடுத்துக்காதீங்க, அதே கலவையில வேற எடத்துல இருந்து அள்ளி இன்னொரு தடவை பண்ணுங்க. மறுபடியும் சரிஞ்சா கலவையில பிடிப்பு இல்ல, பெரும்பாலும் மணல் கம்மி. அவங்க மணலை எடை போடாம பக்கெட்டுல அளந்திருக்காங்க, ஈர மணல் உப்பிக்கிட்டு நிக்கும், பக்கெட் நெறைஞ்ச மாதிரி தெரியும் ஆனா உள்ள மணல் கொறைவு. தராசு வாங்குங்க.

அப்டேட் 2: இன்னொருத்தருக்கு, கலந்து அரை மணி கழிச்சு டெஸ்ட் பண்ணா 40 தான் வருதாம். நம்ம ஊர் வெயில்ல அப்படித்தான் எறங்கும், மிக்ஸர்ல இருந்து கொட்டின கையோட டெஸ்ட் பண்ணிடுங்க, போடவேண்டிய கலவையையும் சின்ன சின்னதா கலந்து உடனே போட்டு முடிங்க.