கடைசி வரியில் ஒளிந்துகொள்ளும் 'கூடாது'

ஆங்கிலப் பலகையில் தடைச்சொல் முதலில் நிற்கும். தமிழில் அது வாக்கியத்தின் கடைசிக்குப் போய்விடும். எச்சரிக்கைப் பலகையை மொழிபெயர்ப்பவர்கள் அதிகம் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

மதுரை யானைக்கல் தரைப்பாலத்தருகே வைக்க ஒரு பலகை என்று வைத்துக்கொள்வோம். மூலத்தை வரிக்கு வரி பெயர்த்தால் இப்படி வரும்: "வைகை அணையிலிருந்து முன்னறிவிப்பின்றி நீர் வெளியேற்றப்படலாம் என்பதால், பொதுமக்கள் ஆற்றில் இறங்கவோ, குளிக்கவோ, தரைப்பாலத்தைக் கடக்கவோ கூடாது."

இலக்கணத்தில் பிழையில்லை. ஆனால் பெயின்டர் இதை ஐந்தாறு வரியாக மடக்கி எழுதும்போது 'கூடாது' தனியாகக் கீழே விழும். அதன்மேல் ஒரு போஸ்டர் ஒட்டினாலோ, செடி வளர்ந்து மறைத்தாலோ மிஞ்சுவது "ஆற்றில் இறங்கவோ, குளிக்கவோ" மட்டும். பைக்கில் போகிறவர் கண்ணிலும் அதுதான் படும்.

அடுத்த சிக்கல் 'படலாம்'. தமிழில் 'லாம்' வாய்ப்பையும் சொல்லும், அனுமதியையும் சொல்லும். 'வரலாம்' என்று படிப்பவர் 'வராமலும் போகலாம்' என்றே எடுத்துக்கொள்வார். ஆபத்தைச் சொல்லும்போது 'வரும்' என்று முடிப்பதே சரி.

திருத்திய பலகை:

அபாயம்!
ஆற்றில் இறங்காதீர்
அணைத் தண்ணீர் திடீரென வரும்
தண்ணீர் ஓடும்போது
பாலத்தைக் கடக்காதீர்

இறங்காவிட்டால் குளிக்கவும் முடியாது. அதனால் குளிப்பதைத் தனியாகச் சொல்லவில்லை. மறுப்பு வினைக்குள்ளேயே இருப்பதால் வரி மடங்கினாலும் அது பிரியாது. கடைசி வாக்கியத்தையும் 'ஓடும்போது' என்ற இடத்தில்தான் உடைக்க வேண்டும். 'பாலத்தைக்' என்பதில் உடைத்தால் வினை மறுபடி தனித்துப்போகும். 'இறங்காதே' என்றால் பெரியவர்களை ஒருமையில் அதட்டுவதுபோல் இருக்கும். 'இறங்க வேண்டாம்' கெஞ்சலாகக் கேட்கும். பூங்காப் புல்வெளிக்குப் போதும், வெள்ளத்துக்குப் போதாது. 'கண்டிப்பாக' என்ற சொல்லும் தேவையில்லை, இடத்தைத்தான் அடைக்கும். அபராதம், சட்டப்பிரிவு எல்லாம் அடியில் சிறிய எழுத்தில் இருக்கட்டும்.

வெள்ள அறிவிப்புகளில் இன்னொரு குறை உண்டு. வைகை அணையில் 66 அடிக்கு முதல் எச்சரிக்கை, 68.5 அடிக்கு இரண்டாவது, 69 அடிக்கு மூன்றாவது. அறிவிப்பு அந்த எண்ணோடு நின்றுவிட்டால், கரையோரம் ஆடு மேய்ப்பவருக்கு அதில் செய்ய ஒன்றுமில்லை. "ஆட்டை ஓட்டிக்கொண்டு மேட்டுக்குப் போங்கள்" என்பது முதலில் வர வேண்டும், அடிக்கணக்கு பின்னால் வரலாம்.

எழுதி முடித்ததும் துணைக்கால்களைச் சரிபாருங்கள். 'இறங்காதீர்' என்பதில் மறுப்பைச் சுமப்பது அந்த ஒற்றைக் கால்தான். பிறகு ஆங்கில மூலத்தைப் பார்க்காத ஒருவரைப் பத்தடி தள்ளி நிறுத்தி, ஒருமுறை படிக்கச் சொல்லி, "இப்ப நீங்க என்ன செய்வீங்க?" என்று கேளுங்கள். பதில் சொல்லுமுன் அவர் பலகையை மறுபடி பார்த்தால், வாசகத்தை இன்னும் குறைக்க வேண்டும்.