டவர் கூலரா, திரவக் கூலரா: தேர்விலும் பொருத்துவதிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ப்ராசஸருக்குக் கூலர் தேடும்போது பெரும்பாலோர் பார்ப்பது விமர்சனங்களில் வரும் வெப்பநிலை வரைபடம் ஒன்றைத்தான். உலோகத் தகடுகளில் விசிறி காற்றடிக்கும் டவர் கூலரை விட, திரவத்தைப் பம்ப்பால் ரேடியேட்டருக்கு ஓட்டிக் குளிர்விக்கும் திரவக் கூலர் அந்த வரைபடத்தில் நான்கைந்து டிகிரி கீழே இருக்கும். உடனே முடிவும் எடுக்கப்பட்டுவிடும். அந்தச் சோதனை பெரும்பாலும் திறந்த மேசையில் நடந்திருக்கும். கேபினெட்டின் சுவரோ, உயரமான ரேமோ, நீளமான கிராபிக்ஸ் கார்டோ அங்கே குறுக்கே நிற்பதில்லை.

முதலில் ப்ராசஸர் எவ்வளவு மின்சாரத்தை வெப்பமாக்குகிறது என்று பார்க்க வேண்டும். இன்டெல் கோர் ஐ9-14900கே முழுச் சுமையில் 253 வாட் வரை இழுக்க அனுமதிக்கப்பட்டது. அதை மணிக்கணக்கில் வீடியோ ரெண்டரிங்கில் வைத்திருப்பவருக்கு 360 மி.மீ. ரேடியேட்டர் வீண் செலவு அல்ல. ரைசன் 7 7800எக்ஸ்3டி போன்ற ப்ராசஸர் விளையாட்டுகளில் அதில் பாதிகூட இழுப்பதில்லை. அதற்கு நல்ல டவர் கூலரே தாராளம். ரைசன் 7000 வரிசையின் எக்ஸ் ரகங்கள் சில, முழுச் சுமையில் 95 டிகிரி வரை சென்று அங்கேயே நிற்கும்படி வடிவமைக்கப்பட்டவை. அந்த எண்ணைக் கண்டு அஞ்சி டவரைக் கழற்றித் திரவக் கூலர் போட்டாலும், இடைவெளி கிடைத்த ப்ராசஸர் வேகத்தைச் சற்றே கூட்டிக்கொண்டு பழைய எண்ணுக்கே போய்விடக்கூடும்.

அதிகம் பேர் சறுக்குவது இட அளவில்தான். ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கேபினெட்டின் விவரத்தாளில் கூலர் உயரம் 160 மி.மீ., கிராபிக்ஸ் கார்டு நீளம் 360 மி.மீ. என்று இருக்கிறது. நம்மிடம் உள்ள கார்டு 315 மி.மீ. நீளம். ரேம் விளக்குகள் வைத்தது, 44 மி.மீ. உயரம்.

உயரம் 165 மி.மீ. உள்ள பெரிய இரட்டை டவர் இங்கே நுழையாது. பக்கவாட்டுக் கண்ணாடி மூடாது. 155 மி.மீ. டவர் ஒன்றை எடுத்தால் 5 மி.மீ. மிச்சம். ஆனால் இரட்டை டவரில் முன்விசிறி ரேமுக்கு மேலே வந்து நிற்கும். கூலரின் விவரத்தாள் ரேமுக்கு 40 மி.மீ. இடம் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். நம் ரேம் 44 என்பதால் விசிறியை 4 மி.மீ. தூக்கி மாட்ட வேண்டும். மொத்த உயரம் 159 ஆகிவிடும். 160-க்குள் 159 என்பது காகிதத்தில் பொருந்தும். நிஜத்தில் விசிறியின் கிளிப்பே கண்ணாடியில் உரசலாம். இங்கே சரியான தீர்வு வேறு இரட்டை டவர் தேடுவதல்ல. விளக்கில்லாத, 32 மி.மீ. அளவிலான ரேமை வாங்குவது, அல்லது ரேமின் மேல் வராத ஒற்றை டவருக்கு இறங்கி வருவது.

இட நெருக்கடியைக் கண்டதும் ‘அப்படியானால் திரவக் கூலரே போதும், ப்ராசஸர் மேல் சின்ன பம்ப் மட்டும்தானே’ என்று தோன்றும். ரேடியேட்டருக்கும் தடிமன் உண்டு என்பது அப்போது மறந்துவிடும். வழக்கமான ரேடியேட்டர் 27 மி.மீ., விசிறி 25 மி.மீ.; சேர்த்தால் 52. முன்பக்கம் மாட்டினால், விவரத்தாளின் 360-இல் 52 போக 308 மி.மீ.தான் கார்டுக்கு மிஞ்சும். 315 மி.மீ. கார்டு நுழையாது. (சில நிறுவனங்கள் அந்த 360-ஐ முன்விசிறியைக் கழித்துச் சொல்கின்றன, சில கழிக்காமல் சொல்கின்றன. கையேட்டின் படத்தைப் பார்ப்பதே நம்பகமான வழி.) மேற்கூரையில் மாட்டினால் வேறு சிக்கல். மதர்போர்டின் மேல் விளிம்புக்கும் கூரைக்கும் 30 மி.மீ. இடைவெளி இருந்தால், 52 மி.மீ. தொகுப்பு 22 மி.மீ. கீழே இறங்கி போர்டின் மேல் வந்துவிடும். அங்கேதான் ரேமின் மேல்முனையும் இருக்கிறது. கூரையின் திருகுத் துளைகள் போர்டை விட்டு விலகி, கண்ணாடிப் பக்கமாக அமைந்த கேபினெட்டில் மட்டுமே இது சமாளிக்கும். தடிமன் 38 மி.மீ. உள்ள ரேடியேட்டர்களும் சந்தையில் உண்டு; அவற்றுக்கு இந்தக் கணக்கில் இன்னும் 11 மி.மீ. சேர்க்க வேண்டும்.

சத்தத்தைப் பொறுத்தவரை ‘திரவம் என்றால் அமைதி’ என்பது பாதி உண்மை. டவரில் ஒலி எழுப்புவது விசிறி மட்டும். கணினி சும்மா இருக்கையில் அது ஏறக்குறைய கேட்காமல் போகும். திரவக் கூலரில் பம்ப் எந்நேரமும் ஓடும். நள்ளிரவில் மேசை மேல் கேபினெட் இருந்தால் அந்த மெல்லிய ரீங்காரம் தெரியும். விசிறிகள் நொடிக்கு நொடி ஏறி இறங்கி எரிச்சலூட்டினால் குற்றம் பெரும்பாலும் கூலருடையது அல்ல. ப்ராசஸர் வெப்பநிலை ஒரு கணத்தில் பத்துப் பதினைந்து டிகிரி தாவும். திரவமோ சூடேறப் பல நிமிடம் எடுத்துக்கொள்ளும். பயாஸில் விசிறி எதிர்வினையைச் சில நொடிகள் தாமதப்படுத்தினால் போதும். பம்ப்பை மட்டும் இந்த ஏற்ற இறக்கத்தில் சேர்க்கக் கூடாது. வயரை மதர்போர்டின் AIO_PUMP இணைப்பில் மாட்டி நிலையான வேகத்தில் விடுவதே முறை. விசிறிக்கான CPU_FAN-இல் மாட்டி, வெப்பத்துக்கேற்ப வேகத்தை மாற்றும் விசிறி வளைவையே பம்ப்புக்கும் கொடுத்துவிடுகிறவர்கள் பலர்.

ரேடியேட்டரை எங்கே வைத்தாலும் அதன் உச்சி பம்ப்பை விட உயரமாக இருக்க வேண்டும். மூடிய சுற்றுக்குள் கொஞ்சம் காற்று எப்போதும் இருக்கும். அது மிக உயர்ந்த இடத்தைத் தேடிப் போகும். ரேடியேட்டரைக் கேபினெட்டின் அடியில் வைத்தால் அந்த உயர்ந்த இடம் பம்ப்பாகிவிடும். களகளவென்ற ஒலி, பிறகு தேய்மானம், பிறகு செயலிழப்பு. முன்பக்கம் மாட்டும்போது குழாய்கள் ரேடியேட்டரின் கீழ்முனையில் இருப்பது இன்னும் நல்லது. மேலே சேரும் காற்று குழாய்க்குள் புகாது.

பராமரிப்பில் டவர் எளிது: விசிறியை விரலால் பிடித்துக்கொண்டு தூசியைத் துடைத்தால் வேலை முடிந்தது. விசிறி பழுதானால் வேறொன்றை மாட்டிக்கொள்ளலாம். உலோகப் பகுதிக்கு ஆயுள் முடிவதில்லை. திரவக் கூலருக்குப் பராமரிப்பே இல்லை என்று நினைப்பது தவறு. விசிறிக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் தூசி படை போலப் படியும். விசிறியைக் கழற்றாமல் அது கண்ணில் படாது. உள்ளே இருக்கும் நீர் குழாய்ச் சுவர் வழியாகவே ஆண்டுக்கணக்கில் மெல்லக் குறையும். பெரும்பாலான மாதிரிகளில் திரும்ப நிரப்ப வழியில்லை. ஒழுகுவதைப் பற்றித்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். அது அரிது. பம்ப் நிற்பதும், உள்ளே அடைப்பு சேர்வதும்தான் வழக்கமான முடிவு.

அதைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. கணினியை பயாஸில் விட்டுவிட்டுப் பாருங்கள். வெப்பநிலை நிற்காமல் ஏறி 80-ஐத் தாண்டினால், முதலில் பம்ப்பின் சுழற்சி எண் காட்டப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு ரேடியேட்டரைத் தொட வேண்டும். ப்ராசஸர் கொதிக்க ரேடியேட்டர் குளிர்ந்தே இருந்தால் திரவம் ஓடவில்லை. புதிதாகப் பொருத்திய கூலரில், டவரானாலும் திரவமானாலும், இதே அறிகுறி தெரிந்தால் கழற்றி அடித்தட்டைப் பாருங்கள்: அதன் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை உரிக்க மறந்திருக்கலாம்.