மஞ்சளாகத் தெரிகிறது என்று மாற்றாதீர்கள்: டிவியில் படம் பார்ப்போர் செய்யும் தவறுகள்

புது டிவியை மாட்டியதும் பெரும்பாலும் அது Standard மோடிலோ Vivid மோடிலோதான் இருக்கும். அப்படியே விட்டுவிடுவதுதான் முதல் தவறு. Vivid என்பது கடை வெளிச்சத்தில் பக்கத்து டிவியை விடப் பளிச்சென்று தெரிவதற்கான அமைப்பு. ஒரு படத்துக்கு நிறம் சரிசெய்பவர் மங்கலான அறையில், சுமார் 6500 கெல்வின் வெள்ளை காட்டும் மானிட்டரைப் பார்த்து வேலை செய்கிறார். அதற்கு நெருக்கமாக வர Filmmaker Mode தேர்ந்தெடுங்கள். பழைய டிவியில் அது இருக்காது. Movie அல்லது Cinema போதும்.

மாற்றியவுடன் "என்ன இது, படம் மஞ்சளாக இருக்கிறதே!" என்று தோன்றும். பலர் இங்கேதான் Cool பக்கம் திரும்பிவிடுகிறார்கள். உண்மையில் படம் மஞ்சளாகவில்லை. இத்தனை நாள் நீலம் கலந்த வெள்ளைக்குக் கண் பழகியிருந்தது. நிற வெப்பநிலையை சாம்சங்கில் Warm2, எல்ஜியில் Warm 50 என்று வைத்து, நாலைந்து இரவு பொறுத்துப் பாருங்கள். அப்புறம் ஒரு முறை Cool-க்கு மாற்றினால் முகங்கள் ரத்தம் வடிந்தாற்போல் வெளிறித் தெரியும். குத்துவிளக்கு வெளிச்சத்தில் எடுத்த காட்சியில் இது இன்னும் பளிச்சென்று புரியும். ஒளிப்பதிவாளர் கொண்டுவந்த அந்த இதமான பொன்னிறத்தை Cool கழுவிவிடும். எனக்கு அதுதான் பெரிய இழப்பாகப் படுகிறது.

அடுத்தது வெளிச்சம். நண்பர் வீட்டில் இரவில் படம் பார்த்தபோது மேலும் கீழும் உள்ள கறுப்புப் பட்டைகள் சாம்பலாகத் தெரிந்தன. அவர் Brightness-ஐ 50-லிருந்து 38-க்கு இறக்கியிருந்தார். பட்டை கறுத்தது, ஆனால் இரவுக் காட்சியில் நாயகனின் தலைமுடியும் கறுப்புச் சட்டையும் ஒரே இருட்டாகிவிட்டன. அந்த டிவியில் Brightness என்பது கறுப்பின் அளவைத்தான் மாற்றும். அதைப் பழையபடி 50-க்குக் கொண்டுவந்து, பின்னொளியான Backlight-ஐ மட்டும் படிப்படியாகக் குறைத்தோம். பட்டை அடங்கியது, முடியும் தனியாகத் தெரிந்தது.

பெயர்தான் குழப்பம். சோனியிலும் புதிய சாம்சங்கிலும் Brightness என்பதே பின்னொளி. சந்தேகம் இருந்தால் இருண்ட காட்சி ஒன்றை நிறுத்திவைத்து அளவைக் கூட்டுங்கள். நிழல்கள் மட்டும் புகை படிந்தாற்போல் வெளுத்தால் அது கறுப்பின் அளவு. வெள்ளையும் சேர்ந்து கூடினால் பின்னொளி. பகலில் பின்னொளியைக் கூட்டிக்கொள்வதில் தப்பில்லை.

ஆனால் இருட்டையும் வெளிச்சத்தையும் சாதாரணப் படத்தைவிட அகன்ற வீச்சில் காட்டும் எச்டிஆர் படத்தில் பின்னொளியைக் குறைக்காதீர்கள். எந்தப் புள்ளி எவ்வளவு ஒளிர வேண்டும் என்ற கணக்கு அந்தப் படத்திலேயே இருக்கிறது. உச்ச அளவில் விட்டால்தான் டிவி அதை எட்ட முயலும். எச்டிஆர் அமைப்புகளைப் பெரும்பாலான டிவிகள் தனியாகச் சேமிக்கும். அதனால் சாதாரணப் படத்துக்குச் செய்த மாற்றம் அங்கே வந்திருக்காது. எச்டிஆர் படம் ஓடும்போதே மெனுவைத் திறந்து, மோடையும் Warm-ஐயும் மறுபடி பார்த்துவிடுங்கள்.