ஒரு இனிஷியலுக்காக ஆறு மாதம்: ஆயுள் காப்பீட்டில் பெயர், பிறந்த தேதி, முகவரித் தவறுகள்

என் சித்தப்பா தை மாதம் இறந்தார். அவருடைய ஆயுள் காப்பீட்டுப் பணம் சித்தியின் கணக்கில் ஏறியபோது ஆடி பிறந்துவிட்டது. பாலிசி உயிரோடுதான் இருந்தது, ஒரு தவணைகூடத் தவறவில்லை. இழுத்தடித்தது மூன்று தாள்களில் மூன்று விதமாக இருந்த பெயர்.

பாலிசி பத்திரத்தில் அவர் 'க. செல்வராஜ்'. ஆதாரில் 'செல்வராஜ் கந்தசாமி'. இறப்புச் சான்றிதழில் 'செல்வராஜன்'. மருத்துவமனையில் அந்த நேரத்தில் பக்கத்தில் நின்ற உறவினர் ஒருவர் வாயால் சொன்ன பெயர் அப்படியே படிவத்தில் ஏறி, அங்கிருந்து சான்றிதழுக்குப் போய்விட்டது. போதாததற்கு நாமினி இடத்தில் சித்தியின் பெயர் 'மு. விஜயா' என்று இருந்தது. கல்யாணமான புதிதில் எடுத்த பாலிசி, அதனால் அப்பாவின் இனிஷியல். இன்று ஆதாரிலும் வங்கிப் புத்தகத்திலும் அவர் 'செ. விஜயா'.

கிளை அலுவலகத்தில் இதைச் சந்தேகமாகப் பார்த்தார்கள் என்று சொல்ல மாட்டேன். பணத்தைத் தவறான ஆளிடம் கொடுத்துவிடக் கூடாது என்பது அவர்கள் பொறுப்பு. ஆனால் அதற்கு விலை கொடுப்பது குடும்பம். முதலில் இறப்புச் சான்றிதழைத் திருத்த மருத்துவமனைக் கடிதத்தோடு நகராட்சிக்கு அலைந்தோம். அப்புறம் 'இரண்டு பெயரும் ஒரே நபர்தான்' என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம். சித்தியின் 'மு' யார் என்று காட்ட, பரணிலிருந்து அவருடைய பள்ளி மாற்றுச் சான்றிதழைத் தேடி எடுத்தோம். அதில் தந்தை பெயர் இருந்தது. கணவர் பெயருக்குக் குடும்ப அட்டை. இரண்டையும் சேர்த்து வைத்த பிறகுதான் கோப்பு நகர்ந்தது.

விசாரணை தேவைப்படாத இறப்பு கிளெய்மை 15 நாளில் முடிக்க வேண்டும், விசாரணை இருந்தால் 45 நாள் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024-இல் கெடு வைத்திருக்கிறது. பலர் இந்த நாள்களை எண்ணிவிட்டுக் கோபப்படுகிறார்கள். ஆனால் நடைமுறையில் கேட்ட தாள் எல்லாம் கைக்கு வராமல் கோப்பு நகராது. பெயர் பொருந்தாத ஒரு தாள் இருந்தால் நாள் இழுத்துக்கொண்டே போகும்.

இதில் நான் பார்த்த மிகப் பெரிய தவறு, 'கிளெய்ம் சமயத்தில் பார்த்துக்கொள்ளலாம்' என்று விடுவது. பாலிசியில் பெயரைத் திருத்தவும் நாமினி விவரத்தை மாற்றவும் பாலிசிதாரர் கையெழுத்து வேண்டும். அவர் இருக்கும்வரை ஒரு விண்ணப்பம், ஆதார் நகல், பத்திரம் என்று சின்ன வேலை. அவர் போன பிறகு பாலிசியை யாராலும் திருத்த முடியாது. அவர்தான் இவர் என்று நிரூபிக்க மட்டுமே முடியும்.

அடுத்த தவறு ஏஜென்ட்டிடம் வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு மறந்துவிடுவது. எழுத்தில் கொடுத்து, நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்குங்கள். திருத்தம் முடிந்தால் அதைப் பதிவு செய்த குறிப்பு பத்திரத்திலோ தனிக் கடிதமாகவோ வரும். எண்டார்ஸ்மென்ட் என்பார்கள். அது கையில் வராதவரை திருத்தம் நடக்கவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். புது பாலிசி என்றால் இன்னும் சுலபம். பத்திரம் கைக்கு வந்து 30 நாளுக்குள் பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கும் வசதி இருக்கிறது. அந்த 30 நாளிலேயே ஆதாரைப் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுவிடுங்கள். பான் அட்டையில் இனிஷியலை விரித்துத்தான் எழுதுவார்கள் என்பதால், விரித்த பெயரையே பாலிசியிலும் கேட்டு வாங்குவது நல்லது.

பிறந்த தேதி கொஞ்சம் வேறு மாதிரி. பெயர்ப் பிழை யார் என்ற கேள்வியை எழுப்புகிறது, தேதிப் பிழை எவ்வளவு என்ற கேள்வியை எழுப்புகிறது. ஏனென்றால் பிரீமியமே வயதை வைத்துத்தான் போடப்படுகிறது. மூன்று வருடம் தாண்டிய பாலிசியை எந்தக் காரணத்துக்காகவும் கேள்வி கேட்க முடியாது என்று காப்பீட்டுச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு சொல்வது பலருக்குத் தெரியும். அதே பிரிவின் கடைசியில் வயதுக்கு ஒரு விலக்கு இருப்பது தெரியாது. வயதுச் சான்றை நிறுவனம் பிறகும் கேட்கலாம், வயது தவறு என்று தெரிந்தால் அதற்கேற்ப பாலிசியின் நிபந்தனைகளைச் சரிசெய்யலாம்.

புரிவதற்காக ஒரு கணக்கு. ஒருவர் 37 வயதில் 2 லட்சத்துக்கு பாலிசி எடுக்கிறார். பத்திரத்தில் 34 என்று பதிவாகிறது. வருடம் 6,000 ரூபாய் கட்டுகிறார், சரியான வயதுக்கு 6,600 வந்திருக்க வேண்டும். 15 வருடத்தில் 9,000 ரூபாய் குறைவாகக் கட்டியிருக்கிறார். உயிரோடு இருக்கும்போது திருத்தினால் அந்த 9,000-ஐ வட்டியோடு கட்டச் சொல்லலாம். இறந்த பிறகு தெரிந்தால், கட்டிய விகிதத்துக்குத் தொகையைக் குறைக்கும் நிபந்தனை உள்ள பாலிசியில் 2 லட்சம் சுமார் 1,81,800 ஆகிவிடும். உண்மையான வயது அந்தத் திட்டத்தின் வரம்பையே தாண்டினால் சிக்கல் இன்னும் பெரிது.

இங்கே அவசரப்பட்டு ஆதாருக்கு ஏற்ப பாலிசியை மாற்றப் போகிறவர்களையும் பார்க்கிறேன். ஆதார் எடுத்தபோது சான்று இல்லாமல் வாயால் சொன்ன தேதி பலருக்கு அப்படியே பதிவாகியிருக்கிறது. ஆதார் பிறந்த தேதிக்குச் சான்று ஆகாது என்று 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில் சொல்லி, பள்ளிச் சான்றிதழில் இருந்த தேதியை ஏற்றது. முதலில் பிறப்புச் சான்றிதழையோ பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலையோ எடுத்துப் பாருங்கள். பாலிசி அதோடு பொருந்தினால் திருத்த வேண்டியது ஆதாரை. அதில் பெயரை இரண்டு முறை, பிறந்த தேதியை ஒரே முறைதான் மாற்ற முடியும் என்பதால் சோதித்துப் பார்க்க இடமில்லை.

முகவரி மாறினால் கிளெய்மை மறுக்க மாட்டார்கள். ஆனால் முதிர்வுக் கடிதம் பழைய வாடகை வீட்டுக்குப் போய்த் திரும்பும், பணம் கோரப்படாத தொகையாகக் கிடக்கும். அப்படி 10 வருடம் கிடந்தால் மூத்த குடிமக்கள் நல நிதிக்கு மாற்றிவிடுவார்கள். வீடு மாறும்போது கைபேசி எண்ணையும் சேர்த்தே புதுப்பித்துவிடுங்கள்.

ஏற்கெனவே கிளெய்ம் சிக்கிக்கொண்டிருந்தால், என்னென்ன தாள் குறைகிறது என்பதை ஒரே பட்டியலாக எழுத்தில் கேளுங்கள். எங்களுக்கு ஒவ்வொரு முறையும் ஒவ்வொன்றாகச் சொன்னதில்தான் பாதி நாள் போனது. எல்லாம் கொடுத்தும் நகரவில்லை என்றால் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாட்டுக்குச் சென்னையில் அலுவலகம் இருக்கிறது, 50 லட்சம் வரையான வழக்கை எடுப்பார்கள், கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. நிறுவனம் மறுத்த ஒரு வருடத்துக்குள் போய்விட வேண்டும்.