பைலைன் பக்க அறிமுகம்: நிருபர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூர், புதுச்சேரி பக்கம் வேலை செய்கிற நிருபர்களின் பைலைன் பக்கங்களை, அதாவது செய்தித் தளத்தில் அவர்கள் பெயரைத் தொட்டால் வரும் அறிமுகப் பக்கங்களை, திறந்து பாருங்கள். பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: “அரசியல், குற்றம், சமூகம், ஆன்மிகம், சினிமா எனப் பல துறைகளில் நீண்ட அனுபவம் கொண்டவர். உண்மையை உரக்கச் சொல்பவர்.” பெயரை மட்டும் மாற்றினால் ஊரில் உள்ள எல்லா நிருபருக்கும் இது பொருந்தும்.

அந்தப் பக்கத்தை யார் திறக்கிறார்கள் என்று யோசித்தால் பாதித் தவறு தானாகவே தெரிந்துவிடும். சிப்காட்டை ஒட்டிய குடிகாட்டில் கிணற்றுத் தண்ணீர் நிறம் மாறியிருக்கிறது, இதை யாரிடம் சொல்லலாம் என்று தேடுகிறவர் திறக்கிறார். சென்னையிலோ டெல்லியிலோ டெஸ்க்கில் இருப்பவர், கடலூரில் கட்டுரை எழுதித்தர ஆள் வேண்டுமென்று திறக்கிறார். அப்புறம், உங்கள் செய்தியில் அடிவாங்கியவர், “யார் இவர்?” என்று திறக்கிறார். மூவருக்கும் வேண்டியது சரிபார்க்கக்கூடிய தகவல். “சமூக அக்கறை கொண்டவர்” என்பதை எதை வைத்துச் சரிபார்ப்பது?

முதல் தவறு பீட், அதாவது நீங்கள் தொடர்ந்து எழுதும் விஷயம். “மாவட்ட நிருபர் என்றால் எல்லாம்தான் பார்க்கணும், நான் எதை விட?” என்று கேட்பார்கள். நியாயம்தான், காலையில் கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டம், மதியம் விபத்து, சாயங்காலம் கட்சிக் கூட்டம் என்றுதான் நாள் போகிறது. ஆனால் செய்கிற வேலை எல்லாமே பீட் ஆகிவிடாது. கடந்த ஒரு வருடத்தில் உங்கள் பெயரில் வந்தவற்றை எடுத்து வைத்து, பத்திரிகைக் குறிப்பு, பிரஸ் மீட், எஸ்.பி. ஆபீஸ் தகவல் ஆகியவற்றை வைத்து எழுதியதை ஒதுக்குங்கள். மிச்சம் இருப்பதில் எந்த விஷயத்துக்குத் திரும்பத் திரும்பப் போயிருக்கிறீர்களோ அதுதான் உங்கள் பீட். இரண்டு, மூன்றுக்கு மேல் வராது, வராவிட்டால் வெட்கப்பட ஒன்றுமில்லை. “சுற்றுச்சூழல்” என்று பொதுவாகப் போடுவதைவிட “சிப்காட் மாசு, நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்துக்கான நில எடுப்பு” என்று போட்டால், அந்த விஷயத்தோடு வருகிறவர் சரியான இடத்துக்கு வந்துவிட்டோம் என்று நம்புவார்.

இடத்திலும் இதே குழப்பம் உண்டு. “புதுச்சேரி முழுவதும்” என்று சும்மா எழுதிவிடுகிறோம். காரைக்கால், கேரளத்தை ஒட்டிய மாஹே, ஆந்திரத்தில் காக்கிநாடா பக்கம் இருக்கும் ஏனாம் எல்லாம் அதில் அடக்கம். ஏனாமுக்கு நீங்கள் போனதே இல்லையென்றால் “புதுச்சேரி நகரமும் கொம்யூன்களும்” என்று எழுதுங்கள். அதேபோல “மாநில அரசியல்” என்றால் எந்த அரசு? இங்கே புதுச்சேரி எல்லையைத் தாண்டினால் தமிழ்நாடு. இரண்டு சட்டமன்றத்தையும் பார்க்கிறீர்களா, ஒன்றைத்தானா என்று சொல்லிவிட வேண்டும்.

நம்பகத்தன்மைக்கு வருவோம். “12 ஆண்டு அனுபவம்” என்று எழுதினால் அடுத்த வருடமே அது பொய்யாகிவிடும், “2013 முதல்” என்று ஆண்டைப் போடுங்கள். அரசு அங்கீகார அட்டை இருப்பதைப் பெருமையாகப் போடுகிறார்கள். அது நீங்கள் பத்திரிகையில் வேலை செய்கிறீர்கள் என்பதற்கு அத்தாட்சி, உங்கள் செய்தி சரியானது என்பதற்கு அல்ல. விருது என்றால் கொடுத்தவர், ஆண்டு, எந்தச் செய்திக்கு என்ற மூன்றும் வேண்டும். மூன்றில் ஒன்றைச் சொல்லத் தயக்கமாக இருந்தால் அந்த விருதையே விட்டுவிடலாம். இதையெல்லாம்விட அதிகம் நம்ப வைப்பது நான்கைந்து கட்டுரைகளின் லிங்க்தான். அதிலும் இ-பேப்பர் லிங்க்கைக் கொடுத்தால் கொஞ்ச நாளில் திறக்காது, அல்லது சந்தா கேட்கும். வெளியான அன்றே, இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் ஒரு நகல் சேமித்து அந்த முகவரியையும் வைத்துக்கொள்ளுங்கள். இணையதளத்தின் வடிவமைப்பை நிறுவனம் மாற்றும்போது பழைய லிங்க்குகள் மொத்தமாகச் செத்துப்போவது அடிக்கடி நடக்கிறது. கூட்டாக எழுதியதென்றால் கூட எழுதியவர் பெயரும் வர வேண்டும், இதை மறைத்து மாட்டிக்கொள்வது ரொம்ப எளிது.

ரீச் பற்றி எழுதும் இடத்தில்தான் ஆட்கள் கூச்சமே இல்லாமல் அளந்து விடுகிறார்கள். “லட்சக்கணக்கான வாசகர்களைச் சென்றடைபவர்” என்பது பத்திரிகையின் விற்பனை. பத்திரிகை விற்பனையைத் தணிக்கை செய்யும் ஏபிசி சான்று கொடுத்தாலும் அது பத்திரிகைக்குக் கொடுத்தது, கடலூர் பதிப்பின் ஏழாம் பக்கத்தில் வந்த உங்கள் செய்திக்கு அல்ல. உங்கள் எண் ஏதாவது இருந்தால் எந்தத் தளத்தில், எந்த மாதத்தில் என்பதோடு போடுங்கள், இல்லையென்றால் எண்ணே வேண்டாம்.

எண்ணைவிட ஆபத்தானது “செய்தி எதிரொலி”. ரோட்டுப் பள்ளத்தைப் பற்றி எழுதுகிறோம், மூன்றாம் நாள் ஜல்லி கொட்டுகிறார்கள், உடனே கட்டம் கட்டி எதிரொலி. அந்த வேலைக்கு ஏற்கெனவே டெண்டர் விட்டிருக்கலாம், வார்டு கவுன்சிலர் மனு கொடுத்திருக்கலாம். பேப்பரில் ஒருநாள் வந்து மறைவது வேறு, பைலைன் பக்கத்தில் நிரந்தரமாக இருப்பது வேறு. செய்தி வந்த தேதி, உத்தரவு வந்த தேதி, அந்த உத்தரவில் உங்கள் செய்தி குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று மூன்றையும் பாருங்கள். பசுமைத் தீர்ப்பாயம் பத்திரிகைச் செய்தியைப் பார்த்துத் தானாக வழக்கு எடுத்தால் உத்தரவிலேயே அது எழுதியிருக்கும், அப்போது தைரியமாகச் சொல்லலாம். குறிப்பு இல்லையென்றால் “செய்தி வெளியான பின்” என்று மட்டும் எழுதுங்கள், “செய்தியால்” என்று வேண்டாம்.

சரி, ஒரு கற்பனை நிருபருக்கு எழுதிப் பார்க்கலாம்:

“கடலூரிலிருந்து 2013 முதல் எழுதுகிறேன். கடலூர் முதல் பரங்கிப்பேட்டை வரையிலான மீனவர் கிராமங்கள், சிப்காட் மாசு, நெய்வேலி நில எடுப்பு ஆகியவை என் தொடர் வேலை. 2024 டிசம்பரில், ஃபெஞ்சல் புயலுக்குப் பின் சாத்தனூர் அணை நீர் தென்பெண்ணையில் வந்தபோது, கரையோரக் கிராமங்களுக்கு எச்சரிக்கை எப்போது போனது என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பெற்ற ஆவணங்களை வைத்து எழுதினேன் (லிங்க்). சுருக்குமடி வலைப் பிரச்சினையில் இரு தரப்புக் கிராமங்களிலும் பேசி எழுதிய தொடர் (லிங்க்). தமிழில் எழுதுகிறேன். திருத்தம் கேட்க, ஆவணம் அனுப்ப: அலுவலக மின்னஞ்சல்.”

இதில் ஒரு புகழ்ச்சிச் சொல்கூட இல்லை, ஆனால் டெஸ்க்கில் இருப்பவருக்கு வேண்டியது எல்லாம் இருக்கிறது. கவனித்தால் ஒன்றை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன்: ஆவணம் கொடுத்தவர்கள் யார், எந்த ஆபீஸில் யாரைத் தெரியும் என்ற பேச்சே கிடையாது. “துறைமுகத்தில் நல்ல தொடர்புகள் உள்ளவர்” என்று பெருமைக்கு எழுதுகிற ஒரு வரி, அங்கே உங்களோடு டீ குடிக்கிற மனிதருக்கு ஆபத்தாகலாம். வீட்டு முகவரி, குழந்தைகள் படிக்கும் பள்ளி போன்றவையும் வேண்டாம், மணல் செய்தி எழுதுகிறவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

யாரும் எழுத விரும்பாத இன்னொரு விஷயம் விளம்பரம். மாவட்டத்தில் பல நிருபர்கள் தீபாவளி, பொங்கல் மலருக்கு விளம்பரமும் பிடிக்கிறார்கள், நிறுவனமே பிடிக்கச் சொல்கிறது. நீங்கள் எழுதும் பீட்டில் இருக்கும் தொழிற்சாலையிடம் விளம்பரமும் கேட்டிருந்தால் அதைப் பக்கத்தில் சொல்லிவிடுங்கள், அல்லது அந்த பீட்டைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். கட்சி உறுப்பினர் அட்டை, சங்கப் பொறுப்பு, சொந்தமாக நடத்தும் யூடியூப் சேனல் ஆகியவற்றுக்கும் இதேதான். நீங்கள் சொல்லாவிட்டால், உங்கள் செய்தியில் அடிவாங்கியவர் அதைக் கண்டுபிடித்து, ஸ்கிரீன்ஷாட்டோடு உங்கள் ஆசிரியருக்கே அனுப்புவார்.