Ki-ஐக் குறைக்காமல் ஓவர்ஷூட்டைக் குறைப்பது எப்படி?

ஒரு டிசி மோட்டாரின் வேகத்தை பிஐ கண்ட்ரோலர் கவனித்துக்கொள்கிறது. சுமை ஏறினால் வேகம் சட்டென்று மீள்கிறது, அதில் குறையில்லை. செட்பாயிண்டை மாற்றினால்தான் தொல்லை: வேகம் இலக்கைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வருகிறது. பலரும் உடனே இன்டெக்ரலின் பெருக்கெண்ணான Ki-ஐக் குறைப்பார்கள். அதற்கு என்ன விலை கொடுக்கிறோம் என்று முதலில் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

படி 1: இப்போதைய நிலையை அளப்பது

மோட்டாரின் முழு வேகம் 1000 ஆர்பிஎம். வேகம், கண்ட்ரோலர் வெளியீடு இரண்டையும் சதவீதத்தில் வைத்துக்கொள்வோம்; நிலைத்த பிறகு 1% வெளியீட்டுக்கு 10 ஆர்பிஎம் கிடைக்கும். மோட்டாரின் கால மாறிலி 1 விநாடி. Kp = 7, Ki = 25.

செட்பாயிண்டை 300-லிருந்து 400 ஆர்பிஎம்முக்கு ஏற்றினால் வேகம் ஏறக்குறைய 413 வரை போகும். வெளியீடு மாற்றிய அந்தக் கணமே 30%-லிருந்து 100%-க்குத் தாவும். இனி 20% வெளியீட்டுக்குச் சமமான சுமையைத் திடீரென ஏற்றுங்கள். வேகம் 17 ஆர்பிஎம் குறையும், 0.9 விநாடிக்குள் இலக்குக்கு 1 ஆர்பிஎம் அருகில் வந்துவிடும்.

இப்போது Ki-ஐ 7 ஆக்கினால் ஓவர்ஷூட் சுத்தமாகப் போய்விடும். ஆனால் அதே சுமைக்கு வேகம் 21 ஆர்பிஎம் குறையும், மீண்டு வர 3.5 விநாடி ஆகும். கிட்டத்தட்ட நான்கு மடங்கு! இது நல்ல பேரம் இல்லை.

படி 2: ஒரு வரியை மாற்றுவது

வழக்கமான பிஐ-யில் r (செட்பாயிண்ட்), y (அளந்த வேகம்) இரண்டும் r - y என்ற ஒரே பிழையாகத்தான் உள்ளே போகின்றன. செட்பாயிண்ட் தாவினால் அந்தத் தாவல் முழுவதையும் Kp பெருக்கித் தள்ளுகிறது, இன்டெக்ரலும் பக்கத்தில் சேர்ந்துகொண்டே போகிறது. ஓவர்ஷூட்டின் பெரும்பகுதி இந்தத் தள்ளலால் வருவது. அதனால் Kp பெருக்கும் பகுதியான P-க்குள் போகும் r-ஐ மட்டும் b என்ற எண்ணால் பெருக்குவோம்; I என்பது இன்டெக்ரல், u என்பது வெளியீடு:

```
P = Kp * (b*r - y)
I = I + Ki * (r - y) * dt
u = P + I
```

இன்டெக்ரலில் r-ஐத் தொடக்கூடாது. தொட்டால் வேகம் தவறான இடத்தில் போய் நிற்கும். சுமையின் பாதிப்பு y வழியாகத்தான் கண்ட்ரோலருக்குத் தெரியவருகிறது. அந்த y-யின் பாதையில் நாம் எதையும் மாற்றவில்லை. ஆகவே b என்னவாக இருந்தாலும் அந்த 17 ஆர்பிஎம்மும் 0.9 விநாடியும் அப்படியே இருக்கும். r-க்கு ஒரு பாதை, y-க்கு ஒரு பாதை எனத் தனித்தனியே சரிசெய்ய முடிவதால்தான் இதை இரண்டு சுதந்திர அளவுகள் கொண்ட கட்டுப்பாடு என்கிறார்கள்.

படி 3: b-ஐத் தேர்ந்தெடுப்பது

b = 1 என்றால் பழைய பிஐ-தான்: 12.6 ஆர்பிஎம் ஓவர்ஷூட், இலக்கை முதலில் தொட 0.26 விநாடி. b = 0.5 வைத்தால் ஓவர்ஷூட் 2.5 ஆர்பிஎம், தொடும் நேரம் 0.58 விநாடி, வெளியீட்டின் தாவலும் பாதியாகிவிடும். b = 0 வைத்தால் ஓவர்ஷூட் 1.5 ஆர்பிஎம், நேரம் 0.83 விநாடி, தாவலே இருக்காது. நான் 0.5-ல் நின்றுவிடுவேன். கடைசி 1 ஆர்பிஎம்முக்காகக் கால் விநாடி கொடுப்பது எனக்குக் கட்டுப்படியாகாது.

படி 4: இன்டெக்ரலின் வரம்பைப் பார்ப்பது

புதிதாகச் செய்பவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இது. b = 0.5, வேகம் 400-ல் நிலையாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். P = 7 × (20 - 40) = -140. மோட்டாருக்குத் தேவை 40% வெளியீடு. அப்படியானால் I 180-ல் இருந்தாக வேண்டும்.

பழைய நிரலில் I-ஐ 0 முதல் 100-க்குள் அடைத்து வைத்திருந்தால் அது அங்கே போகவே முடியாது. செட்பாயிண்ட் 400 என்று காட்டும், வேகமோ 300-லேயே நின்றுவிடும். வெளியீடு வெறும் 30%. மோட்டாரில் கோளாறு என்று நினைக்கத் தோன்றும். I-ஐத் தனியாகப் பதிவு செய்து பாருங்கள், சரியாக 100-ல் ஒட்டிக்கொண்டிருக்கும். வரம்பை u-வுக்குப் போடுங்கள். அந்த u வரம்பை முட்டும்போது, அதை மேலும் முட்டவைக்கும் திசையில் மட்டும் I-யின் கூட்டலை நிறுத்துங்கள்.

ஓடும்போதே b-ஐ மாற்றினால் வேகம் குதிக்கும். அதைத் தவிர்க்க, மாற்றும் அதே கணத்தில் இதையும் செய்யுங்கள்:

```
I = I + Kp * (b_old - b_new) * r
```

எங்கே உதவாது?

லூப்பே ஊசலாடினால் b-யால் பெரிதாக ஒன்றும் ஆகாது. இதே மோட்டாருக்கு Ki-ஐ 100 ஆக்கிப் பாருங்கள்: b = 0 வைத்தாலும் 25% ஓவர்ஷூட் வரும். அப்போது Kp, Ki-ஐத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும்.

அப்புறம், செட்பாயிண்ட் தாவாமல் சீராக ஏறிக்கொண்டே போனால் b-ஐக் குறைப்பது பாதகம். விநாடிக்கு 100 ஆர்பிஎம் வீதம் ஏறினால், b = 1-ல் வேகம் 4 ஆர்பிஎம் பின்தங்கும்; b = 0.5-ல் அது 18. வெளி லூப் ஒன்று ஓயாமல் செட்பாயிண்டை மாற்றிக்கொண்டிருக்கும் உள் லூப்பில் b-ஐ 1-லேயே விட்டுவிடுங்கள்.