சுயஉதவிக் குழுக் கணக்கு: கடன் மீதியும் வட்டியும் பிசகாத அட்டவணை

எங்கள் குழுவில் 12 பேர். மாதம் 500 ரூபாய் சேமிப்பு, கடனுக்கு மாதம் 2 வீதம் வட்டி, அதுவும் குறைந்து வரும் மீதிக்குத்தான். 20,000 ரூபாயைப் பத்து மாதத்தில் 2,000 ரூபாய் முதலாகக் கட்டினால் மொத்த வட்டி 2,200 வரும். முழுத்தொகைக்கும் கடைசிவரை வட்டி போட்டால் அது 4,000. வன்னியில் வீடு வீடாக வந்து கடன் கொடுத்தவர்களிடம் மாட்டிய பெண்களுக்கு இந்த வித்தியாசத்தை நான் விளக்கத் தேவையில்லை.

நான் கூகிள் ஷீட்ஸில் செய்தேன், எக்செலிலும் இதே சூத்திரங்கள் ஓடும். கடன் கணக்குக்கென்று வரும் செயலிகள் எனக்குப் பிடிப்பதில்லை, வட்டியை எப்படிப் போடுகிறது என்று உள்ளே பார்க்க முடியாது.

ஒரு ஆளுக்கு ஒரு தாள் என்று போகாதீர்கள். ஒரே தாள், ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஆளுக்கு ஒரு வரி. முதல் வரியில் A முதல் I வரை தலைப்புகள்: திகதி, உறுப்பினர் இலக்கம், சேமிப்பு, பழைய கடன் மீதி, புதிய கடன், இம்மாத வட்டி, கட்டிய காசு, வட்டிக்குப் போனது, முதலுக்குப் போனது. L1 பெட்டியில் 2% என்று எழுதுங்கள். பெயருக்குப் பதில் இலக்கம் ஏனென்றால், ஒரு மாதம் ஈஸ்வரி, மறு மாதம் ஈசுவரி என்று அடித்தால் ஷீட் இரண்டு ஆட்களாக எண்ணிவிடும்.

நீங்கள் கையால் அடிப்பது A, B, C, E, G மட்டும். மற்ற நான்கும் சூத்திரம். இரண்டாம் வரியில் போட்டுக் கீழே இழுத்துவிடுங்கள்:

```
D2: =SUMIFS(E$1:E1,B$1:B1,B2)-SUMIFS(I$1:I1,B$1:B1,B2)
F2: =ROUND(D2*$L$1,0)
H2: =MIN(N(G2),SUMIFS(F$1:F2,B$1:B2,B2)-SUMIFS(H$1:H1,B$1:B1,B2))
I2: =G2-H2
```

D என்பது அந்த ஆள் இதுவரை எடுத்த கடனில் இருந்து இதுவரை முதலுக்குக் கட்டியதைக் கழித்தது. வட்டி பழைய மீதிக்குத்தான் விழும் என்பதால், கடன் எடுத்த அன்றைக்கே வட்டி வராது, அடுத்த மாதம்தான் தொடங்கும்.

இனி H. நான் வழுக்கி விழுந்த இடம் இதுதான். முதலில் எனக்கு H என்று ஒன்றே இருக்கவில்லை, கட்டிய காசில் வட்டியைக் கழித்தால் மிச்சம் முதலுக்கு என்று G2-F2 போட்டிருந்தேன். ஏழாம் இலக்க அக்கா தை மாதம் வெட்டுக்கூலிக்கு 20,000 எடுத்தார். மாசியில் 2,400 கட்டினார்: வட்டி 400, முதல் 2,000, மீதி 18,000. பங்குனியில் நெல் வாங்கியவர் காசு கொடுக்கவில்லை, அக்கா ஒன்றும் கட்டவில்லை. என் சூத்திரம் பூச்சியத்தில் 360ஐக் கழித்து, முதலுக்குக் கட்டியது -360 என்று எடுத்துக்கொண்டது. மீதி சத்தமில்லாமல் 18,360 ஆகிவிட்டது, அதாவது வட்டிக்கு வட்டி. சித்திரையில் அவர் 2,400 கட்ட, ஷீட் மீதி 16,327 என்றது.

"பிள்ளை, என்ர கொப்பியில 16,320 தான் கிடக்கு" என்றார் அக்கா. ஏழு ரூபாய்தானே என்று நான் சொல்லப்போய், அன்று கூட்டம் முடிய இருட்டிவிட்டது. அவர் கணக்குத்தான் சரி: இரண்டு மாத வட்டி 720 போக, முதலுக்கு 1,680. மேலே உள்ள H அதைத்தான் செய்கிறது, நிலுவை வட்டியைத் தனியாக வைத்திருந்து, காசு வரும்போது முதலில் அதை எடுக்கும், முதலோடு சேர்க்காது. உங்கள் குழு விதி வேறு என்றால் சூத்திரத்தையும் மாற்ற வேண்டும். I பத்தியில் எங்காவது கழித்தல் குறி தெரிந்தால் இந்தப் பிழைதான்.

அப்புறம் கையிருப்பு. L2 பெட்டியில்:

```
=SUM(C:C)+SUM(G:G)-SUM(E:E)
```

காசுப் பெட்டியில் எண்ணிய காசும் வங்கிப் புத்தக மீதியும் சேர்ந்து இந்தத் தொகை வர வேண்டும். தண்டப்பணமும் செலவும் இருந்தால் தனிப் பத்தி வைத்துக் கூட்டிக் கழியுங்கள். கையிருப்பும் வெளியில் உள்ள கடனும் சேர்ந்தால் சேமிப்பும் வந்த வட்டியும் சேர்ந்ததற்குச் சமம் என்று சிலர் ஷீட்டுக்குள்ளேயே சரிபார்க்கிறார்கள். அது எப்போதும் சரியாகத்தான் வரும், 2,400ஐ 4,200 என்று அடித்திருந்தாலும் வரும். காசை எண்ணாமல் பிழை பிடிபடாது.

பின்சேர்க்கை: மீதி எல்லாம் குழம்பிவிட்டது என்று மல்லாவியில் இருந்து ஒருவர் எழுதியிருந்தார். புதிய திகதி மேலே வரும்படி வரிசையை மாற்றியிருக்கிறார். இந்தச் சூத்திரங்கள் தமக்கு மேலே உள்ள வரிகளை மட்டும்தான் பார்க்கும், எனவே பழையது மேலே, புதியது கீழே. ஒருவரின் கணக்கை மட்டும் பார்க்க வேண்டுமென்றால் வடிகட்டியைப் பயன்படுத்துங்கள், வரிசையைத் தொடாதீர்கள்.